உரிமத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள்

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாணவர்களிடம் தலைமையாசிரியர் ஆற்றும் சாலைப் பாதுகாப்பு உரைக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கேட்பவர்களுக்கு வயது பதினாறு, பதினேழு. வண்டி ஓட்டச் சட்டம் அவர்களை அனுமதிக்கவில்லை. ஆனால் காலை ஐந்தரை மணி டியூஷனுக்கு அம்மாவின் ஸ்கூட்டரை எடுத்துப் போகிறவர்கள் அந்தக் கூட்டத்திலேயே பலர் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளி வளாகத்துக்குள் வண்டி வரக்கூடாது என்பதால், அது இரண்டு தெரு தள்ளி ஒரு மளிகைக் கடை வாசலில் நிற்கும். இது தலைமையாசிரியருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது மாணவர்களுக்கும் தெரியும். இதைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு, "நீங்கள் எதிர்காலத்தில் வண்டி ஓட்டும்போது" என்று தொடங்கும் உரையை முதல் வாக்கியத்திலேயே பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

உரை நிகழும் காலமும் பெரும்பாலும் தவறாக அமைகிறது. சாலைப் பாதுகாப்பு மாதம் ஜனவரியில் வருவதால் பள்ளிகளும் அப்போதே கூட்டம் போடுகின்றன. ப்ளஸ் டூ மாணவர்களுக்கு அது திருப்புதல் தேர்வு நேரம். டியூஷனுக்கு வண்டி எடுக்கும் பழக்கம் அதற்கு ஆறு மாதம் முன்பே, ஜூனில் பள்ளி திறந்த சில வாரங்களில் தொடங்கிவிட்டிருக்கும். பழக்கம் வேர்விடுவதற்கு முன், ஜூன் இறுதியில் பேசுவதே பயன் தரும். பெற்றோர் கூட்டமும் அதே வாரத்தில் அமைந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சாவி பெற்றோரிடம்தான் இருக்கிறது.

உரையின் முதல் பகுதி சட்டம். மாணவர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருப்பதால் அதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. "பதினாறு வயது ஆனால் கியர் இல்லாத வண்டி ஓட்டலாம்" என்பதே அந்த நம்பிக்கை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் நான்காவது பிரிவு சொல்வது அதுவல்ல. பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். பதினாறு வயது நிரம்பியவர், எஞ்சின் கொள்ளளவு 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வாகனத்தை மட்டும், உரிமம் பெற்று ஓட்டலாம். பதினெட்டு நிரம்பாதவர் அதற்கான பழகுநர் உரிமம் கேட்டால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும்.

இந்த 50 சி.சி. எங்கிருந்து வந்தது என்பது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு எளிதில் புரியும். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 என்ற மொபெட்டைப் பால்காரர் முதல் பள்ளி ஆசிரியர் வரை ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. சட்டம் எழுதப்பட்டபோது சாலையில் அப்படிப்பட்ட வண்டிகள் நிறைய இருந்தன. இன்று ஷோரூமில் நிற்கும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 110 அல்லது 125 சி.சி. கிராமங்களில் இன்னமும் "டி.வி.எஸ். ஃபிப்டி" என்றே அழைக்கப்படும் எக்ஸ்.எல். 100 மொபெட்டின் கொள்ளளவுகூட 99.7 சி.சி. பெயரில் மட்டும் ஐம்பது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே பதினாறு வயதுக்கான சலுகை ஏட்டில் இருந்தாலும், அதைப் பயன்படுத்த ஏற்ற வண்டி ஏறக்குறைய எந்த வீட்டிலும் இல்லை. தலைமையாசிரியர் இதைச் சொல்லும்போது, வீட்டில் உள்ள வண்டியின் ஆர்.சி.யை எடுத்து அதில் கொள்ளளவு என்ன என்று அன்று மாலையே பார்க்கச் சொல்லலாம். தானே பார்த்த எண்ணோடு யாரும் வாதம் செய்வதில்லை.

பேட்டரி வண்டிகள் பற்றிய கேள்வி கட்டாயம் எழும். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கு உட்பட்டு, அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் அமைந்து, உரிய ஆய்வுச் சான்றும் பெற்ற வண்டி சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே அல்ல. அதற்கு உரிமமும் பதிவும் தேவையில்லை. அதைவிட வேகமாகப் போகும் மின் ஸ்கூட்டருக்குப் பதிவெண் உண்டு. பெட்ரோல் வண்டிக்கு உள்ள விதிகள் அதற்கும் பொருந்தும். வேகக் கட்டுப்பாட்டைக் கடையில் கழற்றிவிட்ட வண்டி பார்வைக்குப் பழைய வண்டி போலவே இருந்தாலும், அந்த விலக்கை இழந்துவிடுகிறது.

2019-இல் சட்டம் திருத்தப்பட்டபோது 199ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாதவர் மோட்டார் வாகனக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். பிள்ளை தங்கள் சம்மதத்தோடுதான் வண்டியை எடுத்தான் என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். தமக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க உரிய முயற்சி எல்லாம் செய்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு பெற்றோர் தலையில் விழுகிறது. தண்டனை மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டியவருக்கு 25 வயது முடியும்வரை பழகுநர் உரிமம் பெறும் தகுதி இல்லை.

இந்தப் பட்டியலில் பெற்றோரை உலுக்குவது சிறைத்தண்டனை. பதினேழு வயதுக்காரரை உலுக்குவது கடைசியில் வருவது. கல்லூரி முழுவதும், முதல் வேலையிலும், நண்பர்கள் எல்லாரும் சட்டப்படி ஓட்டும்போது தான் மட்டும் இருபத்தைந்து வயதுவரை பின்னால் உட்கார வேண்டியிருக்கும் என்பது அவருக்கு உடனே புரிகிறது. உரையில் இதற்குத் தனி அழுத்தம் கொடுப்பதில் தவறில்லை. அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அம்மா பேருக்குப் பதிவான வண்டி என்றால் வழக்கில் நிற்கப்போவது அம்மா. சாவி கேட்கும்போது எந்தப் பிள்ளையும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

சட்டத்தோடு உரை முடிந்துவிட்டால், போலீஸ் நிற்காத தெரு வழியாகப் போனால் போதும் என்ற முடிவுக்கே மாணவர்கள் வருவார்கள். அதனால் இரண்டாவது பகுதி கரும்பலகைக்குப் போக வேண்டும். ப்ளஸ் ஒன் இயற்பியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. வேகம், முடுக்கம், இடப்பெயர்ச்சி மூன்றையும் இணைக்கும் சமன்பாட்டை அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதைச் சாலையில் வைத்துப் பார்க்க மட்டும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

இப்படி ஒரு காட்சி. அதிகாலை, வெளிச்சம் சரியாக வராத நேரம். ஒரு மாணவர் ஸ்கூட்டரில் டியூஷனுக்குப் போகிறார். 29 மீட்டர் முன்னால், நின்றிருக்கும் லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டி பால் தூக்கோடு சாலையைக் கடக்க வருகிறார். 29 மீட்டர் என்பது சுமாராக மூன்று பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம்.

வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 11 மீட்டர். கண் பார்த்ததை மூளை புரிந்துகொண்டு, விரல்கள் பிரேக்கை அழுத்துவதற்கு எதிர்பாராத நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரை நொடி பிடிக்கிறது. அந்த ஒன்றரை நொடியில் வண்டி வேகம் சிறிதும் குறையாமல் 17 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த சாலையில் சாதாரண ஸ்கூட்டர் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 5 மீட்டர் அளவில் வேகத்தைக் குறைக்கிறது என்று கொண்டால், நிற்பதற்கு இன்னும் 12 மீட்டர் வேண்டும். 17-ம் 12-ம் சேர்ந்து 29. பாட்டிக்கு முன்னால் வண்டி நின்றுவிடுகிறது. திட்டு வாங்குவதோடு போயிற்று.

அதே வண்டி, அதே மாணவர், அதே பிரேக். வேகம் மட்டும் 60. ஒன்றரை நொடியில் 25 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் பிடிக்க மிச்சமிருப்பது 4 மீட்டர். முழுவதும் நிற்க வேண்டுமானால் 28 மீட்டர் தேவை. இந்த 4 மீட்டரில் வேகம் எவ்வளவு குறையும் என்று மாணவர்களையே கணக்குப் போடச் சொல்வது நல்லது. பாதியாகக் குறைந்திருக்கும் என்று பலர் ஊகிப்பார்கள். விடை 55 கிலோமீட்டருக்கு மேல். அதாவது 40-இல் வந்தவர் நின்றுவிடும் அதே இடத்தில், 60-இல் வந்தவர் ஏறக்குறைய முழு வேகத்திலேயே மோதுகிறார். வெளியில் பார்த்தால் வேக வேறுபாடு 20 கிலோமீட்டர்தான். மோதும் இடத்தில் அது பூஜ்யத்துக்கும் 55-க்கும் உள்ள வேறுபாடாக மாறிவிடுகிறது. 12 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்காவது மாடி அளவிலிருந்து, விழும் பொருள் தரையைத் தொடும் வேகமும் ஏறக்குறைய அதுதான்.

மழை பெய்திருந்தால் கணக்கு மேலும் மோசமாகிறது. நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் தூறலில் சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் குழைந்து வழுக்கும். பிரேக்கின் பலன் பாதியாகிறது என்று கொண்டால், 40-இல் போகிறவருக்கும் நிற்க 41 மீட்டர் தேவைப்படும். பாட்டி 29 மீட்டரில் இருக்கிறார்.

இங்கே அனுபவமில்லாத கை செய்யும் தவறையும் சொல்ல வேண்டும். பயத்தில் பின் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடிப்பது, அல்லது இரண்டு காலையும் தரையில் தேய்ப்பது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்துக்குச் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிப் பிடி இழந்து, பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. 125 சி.சி. வரையிலான புதிய வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் இரண்டு சக்கரத்துக்கும் சேர்ந்து பிரேக் விழும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது இதற்காகத்தான். வீட்டில் இருப்பது அதற்கு முந்தைய வண்டி என்றால் அந்த உதவியும் இல்லை. ஒன்றரை நொடி என்ற கணக்குகூட, ஆபத்து எங்கிருந்து வரும் என்று ஓரளவு எதிர்பார்த்து ஓட்டுகிறவருக்குப் பொருந்துவது. நிற்கும் லாரியைப் பார்த்ததுமே அதன் பின்னாலிருந்து யாராவது வரலாம் என்று ஆக்சிலரேட்டரைத் தளர்த்துவது வருடக்கணக்கில் ஓட்டிய கைக்குத் தானாக வருகிறது. பதினேழு வயதில் யாருக்கும் அது வந்திருக்க வழியில்லை. இதைக் குறையாகச் சொல்லாமல், எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது என்ற உண்மையாகவே சொல்ல வேண்டும். சொல்கிற தலைமையாசிரியருக்கும் அந்த வயதில் அது இல்லை.

மூன்றாவது பகுதி பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பர்களைப் பற்றியது. பதின்வயதினரின் விபத்துகளைப் பெரியவர்களின் விபத்துகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். 2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கணினிக் கார் விளையாட்டை வைத்து ஆய்வு செய்தார்கள். சிவப்பு விளக்கு எப்போது விழும் என்று தெரியாத நிலையில் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று அளந்தார்கள். தனியாக ஆடியபோது பதின்வயதினர் பெரியவர்களிடமிருந்து அதிகம் வேறுபடவில்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோது அவர்களின் துணிச்சல் வெகுவாக எகிறியது. பெரியவர்களிடம் நண்பர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய மாற்றம் தெரியவில்லை.

தமிழ்நாட்டுச் சாலையில் இது "ட்ரிபிள்ஸ்" என்ற பெயரில் தெரிகிறது. சட்டம் இருசக்கர வாகனத்தில் ஓட்டுபவரைத் தவிர ஒருவரைத்தான் அனுமதிக்கிறது. மூன்று பேர் உட்காரும்போது ஓட்டுபவர் இருக்கையின் நுனிக்குத் தள்ளப்படுகிறார். முழங்கால்கள் முன்பலகையில் முட்டுவதால் ஹேண்டில்பாரை முழுவதும் திருப்ப முடிவதில்லை. இரண்டு பேருக்காகச் செய்த பிரேக் மூன்று பேரின் எடையை நிறுத்தப் போராடுகிறது. வண்டி ஆடும்போது மூவரும் ஒரே பக்கம் சாய்வதில்லை, ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் சாய்கிறார்கள். இதற்கெல்லாம் மேல், "முறுக்குடா மச்சான்" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வருகிறது.

ஆகவே உரையின் இந்தப் பகுதி ஓட்டுபவரைவிடப் பின்னால் உட்காருபவரை நோக்கியே அமைய வேண்டும். வகுப்பில் ஸ்கூட்டர் எடுத்து வருகிறவர்களைவிட அதில் தொற்றிக்கொள்கிறவர்கள் அதிகம். தங்களுக்குப் பொறுப்பு எதுவும் இல்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். "மெதுவா போடா" என்று ஒருவர் சொன்னால் ஓட்டுபவருக்கு மரியாதையோடு வேகத்தைக் குறைக்க ஒரு காரணம் கிடைக்கிறது. அவராகவே குறைத்தால் பயந்தவன் என்ற பெயர் வருமோ என்று தயங்குகிறார். பதினேழு வயதில் இந்தத் தயக்கம் சின்ன விஷயமில்லை.

தலைக்கவசம் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறார்கள், அது எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். வெளிஓடு மட்டும் தலையைக் காப்பதில்லை. உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கே முக்கியமாகக் காக்கிறது. மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்கும் அந்தக் கண நேரத்தில் தலையின் வேகம் சிறிது சிறிதாகக் குறைவதால் மூளை மண்டையோட்டின் உட்புறம் மோதும் விசை தணிகிறது. ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் மறுபடி உப்புவதில்லை. விபத்தில் அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. அண்ணன் போட்டுக் கீழே விழுந்த ஹெல்மெட்டைத் தம்பிக்குக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தாடைப்பட்டையைப் பூட்டாமல் போட்டால் முதல் அதிர்ச்சியிலேயே ஹெல்மெட் பறந்துவிடும், தலை அடுத்த அடியைத் தனியாக வாங்கும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீட்டின்படி, ஹெல்மெட் இறக்கும் வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. அந்த 42 சதவீதத்துக்கு மறுபக்கமும் உண்டு. மார்பில், வயிற்றில், கழுத்தில் படும் அடிக்கு ஹெல்மெட் ஒன்றும் செய்வதில்லை. ஹெல்மெட் போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் 60-இல் போகிறவருக்குப் பாட்டி முன்னால் நின்ற கணக்கை மறுபடி நினைவூட்ட வேண்டும்.

இன்சூரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர்கள் சோர்ந்துவிடுவார்கள். இருந்தாலும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது, ஏனென்றால் குடும்பங்கள் வீட்டையே இழப்பது இங்கேதான். ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். உரிமமில்லாதவர் ஓட்டி யாரையாவது அடித்துவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டை முதலில் காப்பீட்டு நிறுவனமே கொடுத்துவிட்டு, பிறகு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதுண்டு. ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் தந்த தீர்ப்பு இதற்கு அடிப்படை. சம்பாதிக்கும் ஒருவர் இறந்தால் இழப்பீடு லட்சக்கணக்கில் போகும். "இன்சூரன்ஸ் இருக்கே" என்று அப்பா நிம்மதியாக இருந்த காகிதம், அவருடைய வீட்டுக்கே வசூல் நோட்டீஸாகத் திரும்பி வருகிறது. ஓட்டியவருக்கே அடிபட்டால் இன்னொரு கதவும் மூடியிருக்கும். உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, அந்த உரிமையாளரே செல்லத்தக்க உரிமத்தோடு ஓட்டும்போதுதான் செல்லும். அம்மாவின் வண்டியை ஓட்டிய மகனுக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை.

இவ்வளவும் கேட்ட பிறகு ஒரு மாணவர் எழுந்து, "அப்போ பள்ளியிலேயே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுங்க சார்" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பெரிய சோதனை பதில் சொல்லியிருக்கிறது. 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டீகால்ப் மாவட்டத்தில் 16,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நீண்ட, தீவிரமான ஓட்டுநர் பயிற்சி. இன்னொன்றுக்கு உரிமம் வாங்கத் தேவையான அளவு மட்டும். மூன்றாவதற்குப் பள்ளிப் பயிற்சியே இல்லை. நீண்ட காலத்தில் பயிற்சி பெற்றவர்களின் விபத்துகள் குறைந்ததாகத் தெரியவில்லை. பயிற்சி கிடைத்தவர்கள் உரிமத்தை மட்டும் சீக்கிரமாக வாங்கினார்கள். சீக்கிரம் வாங்கியதால் சாலையில் கழித்த நேரம் கூடியது. பிறகு வந்த தொகுப்பாய்வுகளும் பள்ளிப் பயிற்சியைப் பற்றி இதே எச்சரிக்கையைத்தான் தருகின்றன. வண்டியைக் கையாளும் திறமை கூடினால் தன்னம்பிக்கையும் கூடுகிறது. ஆபத்தை முன்கூட்டியே உணரும் பக்குவம் அதே வேகத்தில் கூடுவதில்லை.

பலன் தந்தது வேறொரு வழி. நியூசிலாந்து 1987-இல் படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்தது. முழு உரிமத்துக்கு முன் ஒரு இடைக்காலம். அதில் பின்னிரவில் தனியாக ஓட்டக்கூடாது, துணைக்குத் தகுந்த ஓட்டுநர் இல்லாமல் நண்பர்களை ஏற்றக்கூடாது. ஆபத்து அதிகமான சூழல்களைக் கடைசியாகத் திறந்துவிடும் ஏற்பாடு இது. பிறகு பல நாடுகள் இதைப் பின்பற்றின, இளம் ஓட்டுநர்களின் விபத்துகள் குறைந்தன. இந்தியாவில் இப்படிப்பட்ட இடைக்கால உரிமம் இல்லை. ஆனால் ஒரு குடும்பம் தன் வீட்டுக்குள் இதை வைத்துக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உரிமம் வாங்கிய முதல் ஆறு மாதம் பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை, இரவு எட்டுக்குப் பிறகு ஓட்டுவதில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் முன்வைக்கலாம். பள்ளி எடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள ஒரு காரியம் இதுவாகவே இருக்கும்.

உரைக்கு ஓர் எல்லையும் உண்டு. காலை ஐந்தரைக்கு டியூஷன் வைத்துவிட்டு, அங்கே போகப் பேருந்து இல்லாதபோது, "வண்டி எடுக்காதே" என்ற சொல் நிற்காது. எந்த டியூஷன் எத்தனை மணிக்கு, எந்தப் பகுதியிலிருந்து எத்தனை பேர் போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கினால் ஒரே வாரத்தில் படம் தெளிவாகிவிடும். டியூஷன் நடத்துகிறவரிடம் பேசி நேரத்தைப் பேருந்து நேரத்தோடு பொருத்தலாம், ஒரே தெருப் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டோ பேசலாம். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் ப்ளஸ் ஒன் மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. வீட்டில் சாய்த்து வைத்திருக்கும் அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கும், சக்கரக் கம்பிகளில் ஒளிரும் பட்டையும் போட்டால், இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அது போதும். ஒளி பட்டால் மின்னாத சைக்கிளை இருட்டில் லாரி ஓட்டுநர் பார்ப்பது கடைசி நொடியில்தான். உரை வேலை செய்ததா என்று அறிய மளிகைக் கடை வாசலைப் பார்த்தால் போதும். அங்கே வண்டிகள் குறைந்து சைக்கிள் நிறுத்துமிடம் நிரம்பியிருந்தால் பலன் உண்டு. வண்டிகள் அங்கிருந்து நகர்ந்து இன்னும் இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தால் பெற்றோரை மறுபடி கூப்பிட வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லியாக வேண்டும். உரிமமில்லாமல் ஓட்டிய பிள்ளைக்கு முதலில் தோன்றுவது ஓடிவிட வேண்டும் என்பதுதான். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில், அடிபட்டுக் கிடப்பவர் கூட படித்த நண்பனாக இருந்தாலும் கால் நகர்ந்துவிடுகிறது. 108-க்கு அழைப்பது முதல் வேலை. இடத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும், பக்கத்துக் கடைப் பலகையில் உள்ள ஊர்ப்பெயரைப் படித்தாலே போதும். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் வரம்புக்குட்பட்டுக் கட்டணமின்றிக் கிடைக்கும். உதவிக்கு வந்த வழிப்போக்கரைத் தன் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தக்கூடாது என்ற பாதுகாப்பும் 2019 திருத்தத்தோடு சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஓட்டியவர் உதவாமல் ஓடினால் அது இன்னொரு குற்றம். தலைமையாசிரியர் தன் கைப்பேசி எண்ணைக் கரும்பலகையில் எழுதி, வீட்டுக்குச் சொல்லப் பயமாக இருந்தால் முதலில் தன்னை அழைக்கச் சொல்லலாம். அந்த எண்ணைக் கூட்டம் முடியும் முன்பே பிள்ளைகள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பதினெட்டாவது பிறந்தநாளுக்குப் பிறகு என்ன என்பது. அன்றிலிருந்து பழகுநர் உரிமத்துக்கு, ஊரில் சொல்வதுபோல் எல்.எல்.ஆருக்கு, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அது ஆறு மாதம் செல்லும். கிடைத்து 30 நாள் கழிந்த பிறகே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எட்டு போட்டுக் காட்டப் போகலாம். எட்டு போடும்போது வண்டி மெதுவாகப் போக வேண்டும், கால் தரையைத் தொடக்கூடாது. அந்த 30 நாளில் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்து ஒட்டியிருக்க வேண்டும். கற்றுத்தரும் உரிமம் பெற்றவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. நண்பனை ஏற்றிக்கொண்டு பழகுவது அப்போதும் விதிமீறலே.